இரண்டாவது கிளை திறக்கும் முன் ஒரு ப்ரீ-மார்ட்டம்: செய்வது எப்படி?

புதிதாக ஒரு கிளை திறக்கப்போகும் தொழில்முனைவரிடம் "இதில் என்ன சிக்கல் வரலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். போட்டி இருக்கும், நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம், செலவு கொஞ்சம் கூடலாம் என்று மூன்று வரியில் முடித்துவிடுவார். அவரிடமே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கிளையை மூடிவிட்டீர்கள். ஏன் மூடினீர்கள்?" சற்று நேரம் பேசமாட்டார். அப்புறம் மெதுவாக வரும்: "பழைய இடத்தைக் கவனிக்க எனக்கு நேரம் இல்லாமல் போயிருக்கும். அங்கே இருக்கிற மூத்த ஆளைப் புது இடத்துக்கு அனுப்பியிருப்பேன். அவர் இல்லாமல் பழைய இடமும் ஆட்டம் கண்டிருக்கும்."

இந்த இரண்டாவது கேள்விதான் ப்ரீ-மார்ட்டம். இறந்த பிறகு உடலை ஆராய்வது போஸ்ட்மார்ட்டம் என்றால், திட்டம் உயிரோடு இருக்கும்போதே அது செத்துப்போனதாக வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடுவது இது. உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை வழியாக இந்த முறை பரவலாகத் தெரியவந்தது. அதற்கு முன்பே, 1989இல், டெபோரா மிட்செல், ஜே ரூசோ, நான்சி பென்னிங்டன் மூவரும் ஓர் ஆய்வு செய்திருந்தார்கள். ஒரு விஷயம் நடக்கலாம் என்று சொல்லிக் காரணம் கேட்பதற்கும், அது உறுதியாக நடந்துவிட்டது என்று சொல்லிக் காரணம் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதை அவர்கள் கண்டார்கள். உறுதியாக நடந்தது என்று சொன்னால், விளக்கம் நீளமாக வருகிறது. பொத்தாம்பொதுவாக இல்லாமல், குறிப்பிட்ட நிகழ்வுகளாகவும் வருகிறது. வேலை செய்வது கற்பனை வளம் அல்ல, அந்த "உறுதி"தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் ஒவ்வொரு படியும் அதைக் காப்பாற்றுவதற்காகவே.

ஒரே ஓர் இடத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொழில், இரண்டாவது இடத்தைத் திறக்கும் சந்தர்ப்பத்தை மட்டும் இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். விரிவாக்கங்களில் மிகச் சாதாரணமானது இதுதான். அதே நேரம், இருப்பதையும் சேர்த்து இழக்க வைக்கக்கூடியதும் இதுதான். நான் உட்கார்ந்து நடத்திய ஒரு கூட்டத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றைப் பழுது பார்க்கும் ஒரு சேவை மையம் அது. உரிமையாளர், ஆறு மெக்கானிக்குகள், வரவேற்பில் ஒருவர், கணக்குக்கு ஒருவர். மாதம் சுமார் 240 வேலைகள் வரும்.

எப்போது, யாரோடு

நேரம் முக்கியம். திட்டம் வெறும் ஆசையாக இருக்கும்போது இதைச் செய்தால், பேச ஒன்றும் இருக்காது. முன்பணம் கொடுத்துக் கையெழுத்தும் போட்ட பிறகு செய்தால், எல்லாரும் நடந்ததை நியாயப்படுத்தத்தான் பேசுவார்கள். இடம் எது, எத்தனை பேர், எவ்வளவு பணம், எந்தத் தேதி என்ற நான்கும் தாளில் வந்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகியிருக்கக் கூடாது. இந்த இடைவெளி சில நேரம் ஒரு வாரம்கூட இருக்காது, அதனால் தேதியை முன்பே குறித்துவிடுங்கள்.

ஐந்திலிருந்து எட்டுப் பேர் போதும். பதவியைப் பார்த்துக் கூப்பிடாதீர்கள், எந்த உண்மை யார் கண்ணில் படுகிறது என்று பார்த்துக் கூப்பிடுங்கள். வரவேற்பில் இருப்பவரை யாரும் அழைப்பதில்லை. ஆனால் வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுகிறார், எதற்குத் திரும்பி வருகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். புதுக் கிளைக்குப் போகிறவரோடு, பழைய இடத்திலேயே இருக்கப்போகிற ஒருவரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். சுமை அவர் தலையில்தான் விழப்போகிறது. கணக்குப் பார்ப்பவர் வர வேண்டும். முடிந்தால், வெளியிலிருந்து இதே போன்ற விரிவாக்கத்தைச் செய்து பார்த்த ஒருவர். அறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததைத்தான் இந்த முறை வெளியே கொண்டுவரும். ஒருவருக்கும் தெரியாத ஆபத்தை அது கண்டுபிடித்துத் தராது.

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டத்தை உரிமையாளர் நடத்தக் கூடாது. திட்டத்தோடு நேரடி லாப நஷ்டம் இல்லாத ஒருவர் நடத்தட்டும். எல்லாரும் திட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு வர வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

தொடக்க வாசகம்

கூட்டத்தை நடத்துபவர் இதைப் படிக்க வேண்டும், தன் சொல்லில் சொல்ல முயன்று இளக வைத்துவிடக் கூடாது. எங்கள் கூட்டத்தில் படித்தது இது:

"இன்றிலிருந்து 18 மாதங்கள் கடந்துவிட்டன. புதிய கிளையை மூடிவிட்டோம். சாமான்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். பழைய மையமும் முன்பு இருந்த நிலையில் இல்லை. இது நடந்துவிட்டது, இதில் சந்தேகம் எதுவும் இல்லை. ஏன் நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்."

"ஒருவேளை தோற்றால்" என்று ஒரு சொல் நுழைந்தாலும் போச்சு. உடனே மனம் "தோற்காது" என்பதற்கான காரணத்தைத் தேட ஆரம்பித்துவிடும். காலக்கெடுவும் குறிப்பாக இருக்க வேண்டும். "எதிர்காலத்தில்" என்றால் ஒன்றும் தோன்றாது. ஒன்றரை வருடம் என்பது முதல் ஆரவாரம் அடங்கி, கையிருப்பு கரைந்து, ஆட்கள் ஒரு சுற்று மாறியிருக்கக்கூடிய காலம்.

பேசாமல் எழுதுதல்

அடுத்த பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒரு சீட்டுக்கு ஒரு காரணம் என்று எழுதட்டும். பேசவிட்டால் முதலில் வாய் திறந்தவர் சொன்ன திசையிலேயே எல்லாரும் போய்விடுவார்கள். அவர் முதலாளியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் முதல் நான்கு நிமிடத்தில் எல்லாரும் எழுதி முடித்துவிட்டதாகப் பேனாவைக் கீழே வைப்பார்கள். காத்திருங்கள். சொல்லத் தயங்கிய விஷயம் அதற்குப் பிறகுதான் தாளுக்கு வரும்.

எழுதுவதற்கு ஒரே ஒரு விதி. வாக்கியம் இறந்த காலத்தில் முடிய வேண்டும். "லாம்" என்று முடியும் எதையும் எழுதக் கூடாது. "ஆள் பற்றாக்குறை ஏற்படலாம்" என்பது யாரையும் எதையும் செய்ய வைக்காத வரி. "மூன்றாவது மாதம் மூத்த மெக்கானிக் வேலையை விட்டார், கம்ப்ரசர் வேலை தெரிந்தவர் வேறு யாரும் அங்கே இல்லை" என்பது நடந்த கதை. அதில் மாதம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், எந்த வேலை நின்றது என்பது இருக்கிறது. பின்னால் காப்பு ஏற்பாடு செய்யும்போது பிடித்துக்கொள்ள நமக்கு வேண்டியது இந்தப் பிடிகள்தான்.

வாசித்தல்

எழுதி முடித்ததும் வட்டமாக, ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரு சீட்டு மட்டும் படிக்க வேண்டும். சீட்டு தீரும்வரை சுற்றுகள் தொடரும். வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில், உரிமையாளர் கடைசியில். யார் படித்தாலும் "அப்படி நடக்காது", "அதற்குத்தான் ஏற்பாடு செய்திருக்கிறோமே" என்று யாரும் சொல்லக் கூடாது. புரியவில்லை என்றால் "எந்த மாதம்?", "முதலில் யாருக்குத் தெரிந்தது?" என்று கேட்கலாம், அவ்வளவுதான். நடத்துபவர் எல்லாவற்றையும் பலகையில், சொன்னவர் பெயர் போடாமல் எழுதுகிறார்.

எங்கள் கூட்டத்தில் வரவேற்பில் இருந்த அம்மா இரண்டாவது சுற்றில் படித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "பழுது பார்த்துக் கொடுத்த மெஷின் அதே மாதத்தில் திரும்பி வந்தது. முன்பு வாரத்துக்கு மூன்று வரும். அப்போது ஏழு, எட்டு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாரும் புதுக் கிளை வேலையில் இருந்தார்கள்." உரிமையாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், விதி நினைவுக்கு வந்து பேசாமல் இருந்துவிட்டார். அன்றைக்குக் கிடைத்த சீட்டுகளில் மிக மதிப்புள்ளது அதுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆறேழு பேர் எழுதினால் 25, 30 சீட்டுகள் சேரும். பாதிக்குமேல் ஒன்றையே வேறு வேறு வார்த்தையில் சொல்லும். அவற்றைச் சேர்த்துவிடுங்கள். "நிர்வாகம் சரியில்லை", "திட்டமிடல் போதவில்லை" போன்ற சீட்டுகளை எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்து, "இது முதன்முதலில் எந்த நாளில், எந்த மேஜையில் தெரிந்தது?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அதைப் பலகையில் எழுதுங்கள். வராவிட்டால் சீட்டை ஒதுக்கிவிடலாம்.

எதை எடுப்பது

எல்லாத் தோல்விக்கும் காப்பு போட முயன்றால் கிளையே திறக்க முடியாது. நான்கைந்துதான் எடுக்க வேண்டும். நடப்பதற்கான வாய்ப்புக்குப் பத்து, பாதிப்புக்குப் பத்து என மதிப்பெண் போட்டுப் பெருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. புதுத் தொழில் இடத்தைப் பொறுத்தவரை அந்த எண்கள் ஊகம்தான். ஊகத்தை ஊகத்தால் பெருக்கி வருவதற்குக் கணக்கின் தோற்றம் இருக்கும், கணக்கின் பலம் இருக்காது. நான் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்பேன். இது நடந்தால் புதுக் கிளையோடு நிற்குமா, பழைய இடத்தையும் இழுத்துக்கொண்டு போகுமா? தெரியவரும்போது திருத்த நேரம் இருக்குமா, காலம் கடந்திருக்குமா? பழையதையும் இழுப்பவை, தாமதமாகத் தெரிபவை, இரண்டும் சேர்ந்தவை முதலில். புதுக் கிளையின் பெயர்ப்பலகை கண்ணில் படும்படி இல்லை என்பது போன்றவை எல்லாம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பலகையில் கடைசியில் நின்றவை நான்கு. அதில் இரண்டை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

முதல் தோல்வி: பழைய மையம் மெல்லத் தேய்ந்தது

திட்டப்படி, இருப்பவர்களிலேயே அனுபவம் அதிகமுள்ள மெக்கானிக் புதுக் கிளைக்குத் தலைமையேற்கப் போகிறார். எல்லாருக்கும் அது இயல்பான முடிவாகத் தோன்றியது. சீட்டுகளைக் கோர்த்துப் பார்த்தபோதுதான் சங்கிலி தெரிந்தது. அவர் போனார். பழைய இடத்தில் கடினமான வேலைகளை இளையவர்கள் செய்தார்கள், யாரும் சரிபார்க்கவில்லை. சரி செய்த இயந்திரங்கள் திரும்பி வந்தன. திரும்பி வந்த வேலைக்குக் கட்டணம் இல்லை என்பதால் அதைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கோபமடைந்த வாடிக்கையாளர்கள் சண்டை போடவில்லை, அடுத்த முறை வேறு இடத்துக்குப் போனார்கள்.

பிரச்சினை எங்கே என்றால், வரவுக் கணக்கில் இது நான்கைந்து மாதம் கழித்துத்தான் தெரியும். இயந்திரம் அடிக்கடி பழுதாவதில்லை. அதனால் விட்டுப்போன வாடிக்கையாளர் விட்டுப்போனதே நமக்குத் தெரியாது. அதற்குள் புதுக் கிளையின் செலவைத் தாங்க வேண்டிய பழைய மையம் தானே தள்ளாட ஆரம்பித்திருக்கும். வரவேற்பில் இருந்த அம்மா சொன்ன எண்ணுக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு. ஒரே பழுதுக்காக 30 நாளுக்குள் திரும்பி வரும் வேலைகளின் எண்ணிக்கை, பணம் குறைவதற்குப் பல வாரம் முன்பே ஏறிவிடும்.

காப்பு ஏற்பாடுகளை நான் மூன்று அடுக்காகப் பார்ப்பேன். முதல் அடுக்கு, காரணத்தையே நீக்குவது. இங்கே: மூத்த மெக்கானிக்கை அனுப்பும் தேதியை இரண்டு மாதம் தள்ளி வைத்து, அந்த இரண்டு மாதமும் அவர் இடத்துக்கு வரப்போகிற இளையவர் கடின வேலைகளைச் செய்வது, மூத்தவர் சரிபார்க்க மட்டும் செய்வது. இரண்டாவது அடுக்கு, நடந்தாலும் பாதிப்பைக் குறுக்குவது. முதல் மூன்று மாதம் புதுக் கிளையில் கம்ப்ரசர் சம்பந்தப்பட்ட வேலைகளை எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். மூன்றாவது அடுக்கு, எச்சரிக்கை மணி. இதைத்தான் பெரும்பாலானவர்கள் அரைகுறையாக விடுகிறார்கள்.

மணி என்றால் நான்கும் இருக்க வேண்டும்: எந்த எண், எந்த எல்லை, எல்லை தாண்டினால் என்ன செயல், யார் பொறுப்பு. அவர்கள் எழுதியது அப்படியே:

"பழைய மையத்தில் 30 நாளுக்குள் திரும்பி வரும் வேலைகள் வாரத்துக்கு ஆறோ அதற்கு மேலோ, தொடர்ந்து இரண்டு வாரம் வந்தால், அடுத்த திங்களிலிருந்து மூத்த மெக்கானிக் வாரம் இரண்டு நாள் பழைய மையத்துக்குத் திரும்புவார். எண்ணுவது வரவேற்பு. சனிக்கிழமை மாலை உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை."

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். மணி அடிக்கும் நேரத்தில் எல்லாரும் களைத்திருப்பார்கள், புதுக் கிளை மேல் ஆசையும் அதிகமாக இருக்கும். "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்றுதான் தோன்றும். அதனால் முடிவை இன்றைக்கே, தெளிவான மனதோடு எடுத்து வைக்கிறோம். "ஒரு வாரம் மட்டும் ஆறு வந்தால்" என்று வைக்காததற்கும் காரணம் உண்டு. வாரம் 60 வேலை செய்கிற இடத்தில் மூன்று என்பது ஒரு வாரம் ஆறாக ஏறுவது தற்செயலாகவும் நடக்கும். தொட்டதற்கெல்லாம் அடிக்கும் மணியை யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

இரண்டாவது தோல்வி: வேலை வந்தது, பணம் தீர்ந்தது

கணக்குப் பார்ப்பவரின் சீட்டு: "கிளை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது மாதம் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை." வளர்ந்துகொண்டே செத்துப்போகும் கிளைகள் உண்டு. இதைச் சொல்லில் விளக்குவதைவிடக் கணக்காகப் போட்டுவிடலாம். புதுக் கிளையின் ஒரு மாதச் செலவை 100 பங்கு என்று வையுங்கள். அதில் வாடகை 25, சம்பளம் 35, மற்றவை 40.

திட்டத்தில் இருந்தது இது. முதல் மாத வரவு 20 பங்கு, பிறகு மாதம் 10 பங்கு கூடும். அப்படியானால் மாதாமாதம் விழும் துண்டு 80, 70, 60 என்று குறைந்துகொண்டே போய், ஒன்பதாவது மாதம் வரவும் செலவும் சமமாகும். அதுவரை விழும் துண்டுகளைக் கூட்டினால் 360. கையிருப்பு 400 இருந்தது. சரி, போதும் என்று நினைத்திருந்தார்கள்.

ப்ரீ-மார்ட்டம் சீட்டுகளில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வந்திருந்தது. வாடிக்கையாளர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். மின் இணைப்பும் உள்வேலையும் முடியத் தாமதமானது. அவற்றை அப்படியே கணக்கில் போட்டோம். வரவு மாதம் 10க்குப் பதில் 7 பங்குதான் கூடுகிறது. துண்டு 80, 73, 66 என்று இறங்கி, 12ஆவது மாதம் 3க்கு வருகிறது. கூட்டினால் 498. திறப்பு இரண்டு மாதம் தள்ளிப்போனால், வேலையே நடக்காமல் வாடகையும் சம்பளமும் மாதம் 60 வீதம் 120. மொத்தம் 618. கையில் 400.

வரவு கொஞ்சம் மெதுவாக வந்தது, திறப்பு கொஞ்சம் தாமதமானது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரண விஷயம், யாரும் தப்பு செய்யவில்லை. சேர்ந்து வந்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல் பணம் வேண்டும். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பயனுள்ள பகுதி. மின் இணைப்பு கையில் வந்த பிறகே ஆட்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். உள்வேலைக்காக முதல் மாத வாடகையை விட்டுத்தரும்படி இட உரிமையாளரிடம் கேட்பது என்றும் முடிவானது. இந்த இரண்டாலும் தாமதச் செலவு 120இலிருந்து 25 ஆகக் குறைகிறது. அப்போதும் மொத்தம் 523, இன்னும் போதாது. எனவே திட்டத்தின் அளவையே மாற்றினார்கள். சிறிய இடம், ஓர் ஆள் குறைவு: வாடகை 15, சம்பளம் 25, மற்றவை 40, ஆக மாதம் 80. வரவு அதே மெதுவான வேகத்தில் வந்தாலும் துண்டு 60இல் தொடங்கி ஒன்பதாவது மாதம் 4க்கு வருகிறது. கூட்டினால் 288, தாமதத்துக்கு ஒரு மாத வாடகை 15, ஆக 303. கையிருப்பு 400க்குள் அடங்கி, மூச்சு விட இடமும் இருக்கிறது.

இதற்கும் மணி எழுதினார்கள். மெதுவான கணக்குப்படி நான்காவது மாத வரவு 41 பங்கு. எனவே 40க்குக் கீழே போனால், மோசமான நிலை என்று நாம் வைத்த கணக்கையும் உண்மை தாண்டிவிட்டது என்று பொருள். அந்த மாதமே புது ஆள் சேர்ப்பது, புதுக் கருவி வாங்குவது இரண்டும் நிற்கும். எட்டாவது மாதம் 60க்குக் கீழே இருந்தால், கிளையை மூடும் பேச்சைத் தொடங்க வேண்டும். அப்படி மூட முடிய வேண்டும் என்றால் வாடகை ஒப்பந்தம் இடம் கொடுக்க வேண்டுமே! மூன்று வருட லாக்-இன் என்று இருந்த ஒப்பந்த நகலை, ஒன்பது மாதத்துக்குப் பிறகு முன்னறிவிப்போடு வெளியேறலாம் என்று மாற்றிக் கேட்டார்கள். கையெழுத்துக்கு முன்பே இந்தக் கூட்டத்தை நடத்த வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். போட்ட கையெழுத்தை எந்தக் கூட்டமும் அழிக்காது.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதிரிபாகங்கள் இரண்டு இடத்துக்கும் பிரிந்து, தேவையானது எப்போதும் மற்ற இடத்தில் இருந்தது என்பது ஒன்று. அதிகம் ஓடும் 20 பாகங்களை மட்டும் இரண்டு இடத்திலும் வைத்து, மற்றதை ஒரே இடத்தில் வைப்பதாக முடிவு. புதுக் கிளையில் கேள்வி எழுந்தால் எல்லாவற்றுக்கும் உரிமையாளருக்கே போன் வந்தது என்பது மற்றொன்று. எவ்வளவு தொகை வரை கிளையே முடிவு செய்யலாம் என்று ஒரு வரம்பை எழுதிக் கொடுத்ததோடு அது முடிந்தது.

காப்பா, வெறும் வார்த்தையா

கூட்ட முடிவில் எழுதிய ஒவ்வொரு காப்பையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். இதனால் திட்டத் தாளில் ஒரு தேதியோ, ஒரு தொகையோ, ஓர் ஆளின் வேலையோ, ஒப்பந்தத்தின் ஒரு வரியோ மாறியதா? எதுவும் மாறவில்லை என்றால் அது காப்பு அல்ல. "தரத்தைத் தொடர்ந்து கண்காணிப்போம்", "செலவில் கவனமாக இருப்போம்" எல்லாம் அந்த வகை. மேலே சொன்ன கூட்டத்துக்குப் பிறகு திட்டத் தாளில் இடத்தின் அளவு, ஆட்கள் எண்ணிக்கை, மூத்த மெக்கானிக் போகும் தேதி, வாடகை ஒப்பந்தம் நான்கும் மாறியிருந்தன.

சில நேரம், எந்தக் காப்பும் போதாது என்று தெரியும். அப்போது விரிவாக்கத்தைத் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். அல்லது வேகத்தைக் குறைக்கலாம். அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் கனடாவில் நுழைந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2013 மார்ச்சில் முதல் கடைகளைத் திறந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் 124 கடைகள். பொருள் விவரங்கள் கணினியில் தவறாகப் பதிவாகி, கிடங்கில் சரக்கு தேங்கி, கடையில் அடுக்குகள் காலியாகக் கிடந்தன. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. ஐந்து கடையில் இந்தத் தவறு தெரிந்திருந்தால் நிறுத்திச் சரி செய்திருக்கலாம், நூற்றுக்கு மேல் திறந்துகொண்டிருக்கும் வேகத்தில் அதற்கு இடமே இல்லை. "முதல் இடத்தில் இந்த எண் வந்த பிறகே அடுத்த இடம்" என்று எழுதி வைப்பது, பல கிளை திறப்பவர்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய காப்பு.

கூட்டம் கெடும் இடங்கள்

அனுபவத்தில் பார்த்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, சீட்டுகள் எல்லாம் வெளிக் காரணங்களாகவே வருவது: பொருளாதாரம் சரிந்தது, பெரிய போட்டியாளர் வந்தார், விதிகள் மாறின. அவை உண்மையாகவே நடக்கக்கூடியவைதான். ஆனால் பலகை முழுக்க அவையே இருந்தால், உள்ளே இருப்பதைச் சொல்ல ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று பொருள். அப்போது ஒரு சுற்று கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்: "போட்டியும் பொருளாதாரமும் நமக்குச் சாதகமாகவே இருந்தன. அப்படியும் மூடினோம். ஏன்?" சீட்டில் பெயர் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, சீட்டு குறிப்பிட்ட ஓர் ஆளைக் குற்றம் சாட்டுவது. "அவர் பொறுப்பில்லாமல் இருந்தார்" என்று வந்தால் அதை வேலையின் பெயரால் மாற்றி எழுதுங்கள்: "மாலை ஆறு மணிக்குக் கடை மூடும்போது கணக்கு சரிபார்க்கப்படவில்லை." ஆள் மாறினாலும் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

பிறகு

எழுதியதைக் கோப்பில் வைத்து மூடினால் கூட்டம் நடத்தியதே வீண். மணிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பாருங்கள். எண் என்ன, எல்லை என்ன, தாண்டியதா என்று மூன்றே கேள்விதான், விவாதம் வேண்டாம். கிளை திறந்து மூன்று மாதம் ஆனதும் இன்னொரு ப்ரீ-மார்ட்டம் நடத்துங்கள். இந்த முறை புதுக் கிளையில் சேர்ந்தவர்களும் உட்கார வேண்டும். முதல் கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திராதது அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சேவை மையத்தில் பழைய இடத்து மணி, கிளை திறந்த பதினோராவது வாரம் அடித்தது. முந்தைய வாரம் ஆறு, அந்த வாரம் ஏழு. சனிக்கிழமை மாலை வரவேற்பில் இருந்த அம்மா எண்ணைச் சொன்னார். உரிமையாளர் தாளை எடுத்துப் பார்த்தார். திங்கட்கிழமை காலை மூத்த மெக்கானிக் பழைய மையத்தில் இருந்தார். அவர் முதலில் கண்டது, மாற்றிய பாகங்களைச் சோதித்துப் பார்க்காமலே இயந்திரத்தை மூடும் பழக்கம் அங்கே வந்துவிட்டிருந்ததைத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்தையும் மூடுவதற்கு முன் ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். மணி அடித்த ஐந்தாவது வாரம் எண் மறுபடி மூன்றுக்கு வந்தது, அவர் முழு வாரமும் புதுக் கிளைக்கே திரும்பினார்.